‘இதர ஆவணங்கள்’ என்றால் எதை அனுப்புவார்கள்? கணக்காளர்களின் மாத மெயில் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: மாதா மாதம் கிளையண்ட்டுகளுக்கு மெயில் போடுகிறேன். படிக்கிறார்கள், ஆனால் கேட்டதை அனுப்புவதில்லை. போன மாத மெயிலில் இருந்து ஒரு பத்தி தருகிறேன், திருத்திக் காட்டுவீர்களா?

நீங்கள் அனுப்பிய பத்தி இது:

“நடப்பு மாதக் கணக்கு முடிப்புப் பணிகளை உரிய காலத்தில் நிறைவு செய்யும் பொருட்டு, தங்கள் நிறுவனத்தின் வங்கி அறிக்கைகள், கொள்முதல் பில்கள் மற்றும் இதர ஆவணங்கள் விரைவில் அனுப்பி வைக்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கடை மூடும் நேரத்தில் போனில் இதைப் படிக்கிற ஒருவருக்கு மூன்று சந்தேகம் வரும். யார் அனுப்ப வேண்டும், அவரா அவருடைய அலுவலக ஆளா? ‘விரைவில்’ என்றால் நாளைக்கா, அடுத்த வாரமா? ‘இதர’ என்பதில் எதெல்லாம் அடங்கும்? மூன்றுக்கும் விடை தெரியாதபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெயிலை மூடிவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் இப்படி மாற்றுவேன்:

“வணக்கம். 10ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் உங்களிடமிருந்து இரண்டு மட்டும் வேண்டும்.
1. போன மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை.
2. போன மாதம் நீங்கள் சரக்கு வாங்கிய பில்கள். போனில் எடுத்த படம் போதும், தொகையும் தேதியும் தெரிந்தால் சரி.
இரண்டையும் கீழே உள்ள லிங்க்கில் ஏற்றிவிடுங்கள். 10ஆம் தேதிக்குள் வந்துவிட்டால், 15ஆம் தேதி புதன்கிழமை லாப நஷ்டக் கணக்கை அனுப்பிவிடுவேன்.”

‘அனுப்பி வைக்கப்பட வேண்டும்’ என்பது ‘உங்களிடமிருந்து வேண்டும்’ என்று ஆனதும் கேட்பவரும் கொடுப்பவரும் தெளிவாகிவிட்டார்கள். தேதியோடு கிழமையும் சேர்ந்ததால் அவர் தன் வாரத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்க முடியும். ஸ்டேட்மென்டுக்கு ‘முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை’ என்று சொன்னது முக்கியம். சொல்லாவிட்டால் சிலர் 25ஆம் தேதியே டவுன்லோடு செய்து வைத்ததை அனுப்புவார்கள், மீதி நாட்களுக்காக நீங்கள் மறுபடி எழுத வேண்டிவரும். ‘இதர’வை அடியோடு எடுத்துவிட்டேன். மூன்றாவதாக ஓர் ஆவணம் நிஜமாகவே தேவைப்பட்டால் அதன் பெயரை எழுதுங்கள்.

கேள்வி: இப்படிப் பேசுகிற மாதிரி எழுதினால் மரியாதை குறையாதா? என் கிளையண்ட்டுகளில் பலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள்.

குறையாது. ‘நீங்கள்’, ‘உங்கள்’, ‘அனுப்புங்கள்’ இவற்றிலேயே மரியாதை இருக்கிறது. ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால் ஏதோ நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று அவர் பயப்படத்தான் செய்வார். நட்புக்காக நாலு வரி நலம் விசாரிக்கவும் தேவையில்லை. போன மாதம் அவர் சரியான நாளில் அனுப்பியிருந்தால், “போன முறை சீக்கிரம் அனுப்பினீர்கள், வேலை சுலபமாக முடிந்தது, நன்றி” என்று ஒரு வரி போதும். உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். எல்லோருக்கும் போகிற மெயிலில் இந்த வரி வேண்டாம், தாமதமாக அனுப்பியவருக்கு அது குத்தலாகப் படும்.

கேள்வி: வரி விதிகளில் வந்த மாற்றங்களை எல்லாம் சேர்த்தால் மெயில் இரண்டு பக்கம் போகிறது. எதை வெட்டுவது?

வெட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். சம்பளப் பிடித்தம் பற்றிய மாற்றம், ஆளே வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவருக்கு எதற்கு? ஊழியர் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பட்டியலை இரண்டாக்கினாலே மெயில் நன்றாகச் சுருங்கிவிடும். மிஞ்சியதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாருக்கு, என்றிலிருந்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். விதியின் பிரிவு எண்ணும் விளக்கமும் லிங்க்குக்குப் பின்னால் போகட்டும். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றால் “இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் “நான் ஏதாவது செய்யணுமா?” என்று போன் வரும்.

கேள்வி: சப்ஜெக்ட் வரியில் ‘மாதாந்திரத் தகவல்’ என்றே போடுகிறேன். மாற்றலாமா?

மாற்றுங்கள். போன் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும், வேலையும் தேதியும் அதற்குள் வந்துவிட வேண்டும். “ஜூலை 10க்குள்: ஸ்டேட்மென்ட், பில்கள்” என்று மாதத்தின் பெயரோடு போடலாம். மாதா மாதம் ஒரே சப்ஜெக்ட் போனால் சில மெயில் பெட்டிகள் அதைப் பழைய மெயிலோடு சேர்த்து அடுக்கிவிடும், தேடினாலும் எது புதியதென்று தெரியாது.

கேள்வி: அனுப்புவதற்கு முன் கடைசியாக எதைப் பார்ப்பீர்கள்?

தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பார்ப்பேன். போன மாத மெயிலை நகலெடுத்துத் திருத்தும்போது தேதி மாறும், கிழமை பழையதாகவே நிற்கும். 10ஆம் தேதி வியாழன் என்று போய்விட்டால் எதை நம்புவதென்று அவர்களுக்குத் தெரியாது, நீங்கள் திருத்த மெயில் ஒன்று அனுப்ப வேண்டிவரும். அப்புறம் எனக்கே ஒரு பிரதி அனுப்பி, போனில் திறந்து, லிங்க்கைத் தொட்டுப் பார்ப்பேன். முக்கியமான தேதியைப் பார்க்கத் திரையை நகர்த்த வேண்டியிருந்தால், மேலே உள்ள ஏதோ ஒரு வரியை எடுத்துவிடுவேன்.