சுருதி ஏறும்போது குரல் நாண் ஏன் நீளுகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். ஒலியியல் முதலாண்டு படிக்கிறேன். சுருதி ஏறும்போது குரல் நாண் நீளும் என்று வகுப்பில் சொன்னார்கள். கம்பி நீண்டால் சுருதி இறங்கத்தானே வேண்டும்? இன்னொன்று, உயர்ந்த சுருதியில் பயிற்சி செய்யும்போது கழுத்தின் முன்னால் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ நகர்கிறது. இது இயல்பா, பயப்படணுமா?

பதில்: இயல்புதான், பயம் வேண்டாம். உங்கள் முதல் கேள்விக்கான விடையே அந்த விரலுக்கு அடியில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கழுத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டைத் தொடுங்கள். அது தைராய்டு குருத்தெலும்பு. தைராய்டு சுரப்பி வேறு, அது இதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். இந்தக் குருத்தெலும்பு, பாதி விரித்த புத்தகத்தின் முதுகு முன்னால் பார்த்தபடி நிற்பது போன்ற அமைப்பு. விரலை நேர் கீழே இறக்கினால் மெத்தென்று ஒரு சின்னப் பள்ளம் வரும், அதையும் தாண்டினால் கெட்டியான ஒரு வளையம். அதுதான் கிரிகாய்டு. முத்திரை மோதிரத்தைப் போல முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் உயரமான தகடாகவும் இருக்கும். அந்தப் பின்தகட்டின் உச்சியில் அரிட்டினாய்டு என்ற இரண்டு சிறு குருத்தெலும்புகள் உட்கார்ந்திருக்கின்றன. குரல் நாண்களின் முன்முனை தைராய்டின் உள்பக்கத்தில், பின்முனை அரிட்டினாய்டில். அதாவது நாணின் இரண்டு முனையும் வேறு வேறு குருத்தெலும்பில் கட்டப்பட்டிருக்கின்றன. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இப்போது அந்தப் பள்ளத்தில் விரலை லேசாக வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல மேலே இழுத்து 'ஊ' சொல்லுங்கள். பள்ளம் குறுகுவது தெரியும். கிரிகாய்டின் முன்பக்கத்திலிருந்து தைராய்டின் கீழ்விளிம்புக்குப் போகும் கிரிகோதைராய்டு தசை சுருங்குவதால்தான் அப்படி ஆகிறது. இரண்டு குருத்தெலும்பும் பக்கவாட்டில் ஒரு மூட்டால் இணைந்திருப்பதால், முன்பக்கம் நெருங்கினால் ஏற்றப்பலகையைப் போல மறுமுனை எதிர்த்திசையில் போயே ஆகவேண்டும்: மோதிரத்தின் பின்தகடு பின்னால் சாய்கிறது, மேலே இருக்கும் அரிட்டினாய்டுகளும் கூடவே பின்னால் போகின்றன, நாண் இழுபடுகிறது. மேலே வருவது கிரிகாய்டா, கீழே சாய்வது தைராய்டா என்று புத்தகங்கள் இரண்டு விதமாக எழுதும். நாணைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான், அதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சுருதி ஏறும்போது பலருக்குக் குரல்வளை முழுவதுமே மேலே ஏறும், அது வெளியிலிருக்கும் வேறு தசைகளின் வேலை. மொத்தமும் ஏறுவதை உணர்ந்துவிட்டு இதுதான் கிரிகோதைராய்டு என்று குறித்துவிடாதீர்கள். பார்க்கவேண்டியது அந்த இடைவெளியை மட்டும்.

சரி, நீளத்துக்கு வருவோம். கம்பியின் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே:

F = (1/2L)√(σ/ρ)

இதில் L நீளம், ρ அடர்த்தி, σ இழுவிசைத் தகைவு, அதாவது ஒரு பரப்பளவுக்கு எவ்வளவு இழுவை என்பது. நீங்கள் மனதில் வைத்திருப்பது இழுவை மாறாத கம்பி. குரல் நாணில் நீளத்தை மட்டும் தனியாக மாற்ற வழியே இல்லை, நீளவைக்கும் அதே செயல்தான் இழுவையையும் ஏற்றுகிறது, அதுவும் பல மடங்கு. கணக்குப் போட்டே பார்ப்போம். அதிரும் பகுதி 10 மில்லிமீட்டர், சுருதி 200 ஹெர்ட்ஸ், திசுவின் அடர்த்தி கனமீட்டருக்கு 1040 கிலோ என்று வைத்தால் தேவையான தகைவு சுமார் 17 கிலோபாஸ்கல். நாண் 12 மில்லிமீட்டராக நீண்டு 400 ஹெர்ட்ஸில் அதிரவேண்டுமானால் சுமார் 96 கிலோபாஸ்கல் வேண்டும். நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, தகைவோ கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஒருவேளை தகைவும் வெறும் 1.2 மடங்கே கூடியிருந்தால் சுருதி 183 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும், அதாவது நீங்கள் எதிர்பார்த்ததுதான் நடந்திருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம் நாணுக்குள் இருக்கும் நார்கள். தளர்வாக இருக்கும்போது அவை சுருண்டு கிடக்கும், கொஞ்சம் இழுத்தால் நிமிரும், நிமிர்ந்தபின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எதிர்ப்பு சட்டென்று எகிறும். நாண் உண்மையில் ஒரே சீரான கம்பி அல்ல, அடுக்கு அடுக்கான திசு, அதனால் இந்த எண்களைத் தோராயமாகத்தான் எடுக்கவேண்டும். ஆனால் போகும் திசை சரி.

அந்த அடுக்குகளால்தான் இன்னொரு தசை முக்கியமாகிறது. நாணின் உடலாகவே கிடக்கும் தைரோஅரிட்டினாய்டு. இது சுருங்கினால் அரிட்டினாய்டு முன்னால் இழுபட்டு நாண் குட்டையாகி தடிக்கும், மேலுறை தளரும், உள்ளே தசை மட்டும் விறைக்கும். மேலுறை மட்டுமே பெரிதும் அதிரும் மென்மையான குரலில் இதனால் சுருதி இறங்கும். தாழ்ந்த சுருதியில் சத்தமாகப் பேசும்போதோ தசையும் சேர்ந்து அதிர்வதால், அதே சுருக்கம் சுருதியை ஏற்றவும் செய்யும். எனவே 'கிரிகோதைராய்டு ஏற்றும், தைரோஅரிட்டினாய்டு இறக்கும்' என்று தேர்வில் ஒரே வரியில் எழுதினால் பாதிதான் சரி. அப்புறம், நுரையீரலிலிருந்து வரும் காற்றழுத்தம் கூடினாலும் சுருதி கொஞ்சம் ஏறும். ஆய்வகத்தில் சுருதியை அளக்கும்போது சத்தம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது தசையின் வேலை, எது காற்றின் வேலை என்று பிரிக்க முடியாது.

கிரிகோதைராய்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? தைராய்டு சுரப்பி அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு ஆசிரியை நினைவுக்கு வருகிறார். சாதாரணமாகப் பேசினால் குரல் தெளிவு. ஆனால் வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கூப்பிட முடியவில்லை, கேள்வி கேட்டால் வாக்கியத்தின் முடிவு மேலே எழவில்லை, மாலைக்குள் குரல் சோர்ந்துவிடுகிறது. கருவி வைத்துப் பார்த்தேன், நாண்கள் நன்றாகத் திறந்தன, நன்றாக மூடின. கீழிருந்து மேலே இழுத்துச் சொல்லச் சொன்னால் மட்டும் பாதியிலேயே நின்றது, அதற்கு மேல் வெறும் காற்று. குரல்வளையின் மற்ற உள்தசைகளுக்கெல்லாம் மீள்குரல்வளை நரம்பு போகிறது. கிரிகோதைராய்டுக்கு மட்டும் மேல்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை, அது சுரப்பியின் மேல்முனையை ஒட்டியே ஓடுவதால் அறுவையில் அடிபட வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது, ஊசியால் தசையின் மின்செயலை அளக்கும் பரிசோதனை செய்தோம், ஒரு பக்கத் தசையில் செயல் மிகவும் குறைந்திருந்தது.

உங்கள் விஷயத்தில் இதெல்லாம் தேவையில்லை. பள்ளத்தில் விரலை வெறுமனே வைத்தால் போதும், அழுத்தாதீர்கள், கழுத்தின் பக்கவாட்டில் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. பயிற்சியில் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முன்பு எட்டிய உயரத்தைத் திடீரென்று எட்ட முடியாமல் போனாலோ, கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிடுங்கள்.