சிவப்பு விளக்கு மினுக்குகிறது, வாரண்டி இல்லை என்கிறார்கள்: வழக்கு நிற்குமா?

கேள்வி: ஆன்லைன்ல 18,990 ரூபாய்க்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கி ஏழு மாசம் ஆகுது சார். ஒரு வருஷ வாரண்டி. பெட்டியில 30 மணி நேரம்னு போட்டிருக்கு. போன மாசத்துலேர்ந்து 100 சதவீதம் ஏத்தினாலும் நாலு மணி நேரம்தான் தாங்குது. இப்போ கேபிள் சொருகினா சிவப்பு லைட் வேகமா மினுக்குது, சார்ஜே ஏறல. சர்வீஸ் சென்டர்ல, "போர்ட்ல தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாது, 7,400 ரூபாய் ஆகும்"னு வாயால சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. தண்ணியே படல. கேஸ் போட முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போடலாம். ஆனால் மனு எழுதுவதற்கு முன்னால், சர்வீஸ் சென்டர் சொன்ன காரணமும் ஹெட்போன் காட்டும் அறிகுறியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முதலில் வந்த கோளாறு எது என்று பாருங்கள். சார்ஜ் சீக்கிரம் இறங்கியது முதலில்; ஏறாமல் போனது பிறகு. போர்ட் என்பது மின்சாரம் உள்ளே வரும் வாசல். அது கெட்டால் சார்ஜ் ஏறாது, அல்லது அரைகுறையாக ஏறும். 100 சதவீதம் ஏறிய பிறகு, கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாட்டுக் கேட்கும்போது நாலு மணி நேரத்தில் காலியாவதற்கு வழக்கமான காரணம் பேட்டரி செல், அல்லது அதைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். எதிர்த்தரப்பு இங்கே ஒன்று சொல்லும்: "போர்ட் கெட்டதால் அரைகுறையாக ஏறியது, அதைத்தான் இவர் சீக்கிரம் இறங்குகிறது என்கிறார்." அதற்குப் பதில் உங்கள் போனிலேயே இருக்கலாம். கம்பெனியின் ஆப்பிலோ புளூடூத் பக்கத்திலோ 100 சதவீதம் காட்டிய ஸ்கிரீன்ஷாட், போன மாதம் கஸ்டமர் கேருக்கு அனுப்பிய மெயில், சாட், நண்பருக்குப் புலம்பிய வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் தேதியோடு எடுத்து வையுங்கள். சார்ஜ் நின்றுபோவதற்கு முந்தைய தேதியில் ஒரே ஒரு செய்தி இருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். 30 மணி நேரம் என்பது எந்த நிலையில் என்று பெட்டியிலோ கையேட்டிலோ பொடி எழுத்தில் இருக்கும்: நாய்ஸ் கேன்சலிங் போட்டா, அணைத்தா, எவ்வளவு சத்தத்தில் என்று. அதிகச் சத்தமும் உயர்தர ஒலி கோடெக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் செய்யும். அதனால் 30 மணி 22 ஆகலாம்; 4 ஆகாது. மனுவில் அச்சிட்ட நிலையைச் சொல்லி ஒப்பிடுங்கள்.

அடுத்தது விளக்கு. பேட்டரி அடியோடு காலியான கருவியில் கேபிள் சொருகிய உடனே விளக்கு மினுக்குகிறது என்றால், 5 வோல்ட் மின்சாரம் போர்ட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் சார்ஜிங் சிப் விழித்துக்கொண்டு, ஏதோ சரியில்லை என்று சொல்கிறது. போர்ட் முழுக்கச் செத்திருந்தால் விளக்கே வந்திருக்காது. எந்த மினுக்கலுக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே உங்கள் கையேட்டில் சார்ஜிங் விளக்குப் பக்கத்தைக் கண்டுபிடித்து அச்சடித்து வையுங்கள். பல மாடல்களில் நிலையாக எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, அணைந்தால் முடிந்தது. வேகமாக மினுக்கினால் வெப்பநிலை வரம்பு மீறியிருக்கிறது அல்லது பேட்டரியில் பிழை. உங்கள் கையேடும் அதையே சொன்னால், கம்பெனியின் எழுத்தே உங்கள் சாட்சி.

வெப்பநிலை என்ற வாய்ப்பை நீங்களே அடைத்துவிட வேண்டும். இந்த ஹெட்போன்களுக்குச் சார்ஜ் செய்யும் வரம்பு பெரும்பாலும் 35 அல்லது 40 டிகிரியோடு முடிந்துவிடும். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ, வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியிலோ இருந்த ஹெட்போன் அந்த வரம்பைத் தாண்டி மினுக்குவது கோளாறே இல்லை. மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, காலையில் சொருகிப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் வெப்பம் காரணமில்லை. காது மூடிப் பகுதி எங்காவது உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அது பேட்டரி வீங்கியதற்கான அடையாளம். படம் மட்டும் எடுத்துக்கொண்டு கேபிளை அகற்றிவிடுங்கள்.

கேபிளால் வரும் குழப்பமும் உண்டு. இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில், கருவியைச் சார்ஜர் அடையாளம் கண்ட பிறகுதான் மின்சாரம் வரும். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். பெட்டியோடு வந்த கேபிளையே எடுத்து, சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். பிறகு டைப்-சி முனையைத் திருப்பிச் சொருகுங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால் போர்ட்டின் முனைகளில் பிரச்சினை என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் அதே மினுக்கல் என்றால் சந்தேகம் உள்ளே இருக்கும் பேட்டரிப் பக்கம் போகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி மீட்டரை நடுவில் சொருகினால் இன்னும் தெளிவு: 5 வோல்ட் காட்டி, ஆம்பியர் கொஞ்சம் எழும்பிச் சுழியத்துக்கு விழுந்தால், மின்சாரம் உள்ளே போகிறது, சிப் அதை நிறுத்துகிறது.

போர்ட்டை டார்ச் அடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். அடியில் பஞ்சும் தூசியும் இறுகியிருந்தால் பிளக் முழுசாக உட்காராது; கேபிளின் தோளுக்கும் கருவிக்கும் இடையில் இடைவெளி தெரியும். அதை, ஹெட்போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம். குண்டூசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும், பிறகு அதையே தண்ணீர் என்பார்கள். போர்ட்டின் நடுவில் நாக்குப்போல நீட்டியிருக்கும் பகுதியில் வரிசையாகத் தெரியும் முனைகள் பொன்னிறமாகப் பளிச்சென்று இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரோ உப்போ பட்டிருந்தால் அங்கே பச்சைக் களிம்பு அல்லது கருப்புத் தடம் இருக்கும். வெளி வளையத்தில் மட்டும் லேசான பழுப்பு என்றால், மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகும் முனைகள் பழுதானதற்கு அது ஆதாரம் ஆகாது. காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் உலோகம் நிறம் மாறுவது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தண்ணீர் சிந்துவது, முங்குவது பற்றி எழுதிய வாரண்டி விலக்கை, கடலோரத்தில் குடியிருப்பதற்கு எதிராகப் பயன்படுத்துவது நியாயமில்லை என்று வலுவாக வாதிடலாம்.

இத்தனையையும் ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள்: முதலில் ஹெட்போனின் சீரியல் எண், பிறகு போர்ட், பிறகு கேபிள் சொருகுவது, பிறகு ஒரு நிமிடம் விளக்கு. அந்த வீடியோவை ஆதாரமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய சட்டம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் இணைத்துவிட்டால் ஆட்சேபணைக்கு இடமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ கொடுத்து மட்டும் திறந்து பார்க்காதீர்கள். திறந்த கருவியில் யார் எதைக் கெடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அதே சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போங்கள். வாய்ப் பேச்சு உங்களுக்கும் உதவாது, அவர்களுக்கும் உதவாது. ஜாப் ஷீட் கேளுங்கள். அதில் சீரியல் எண், நீங்கள் சொன்ன புகார் ("சீக்கிரம் இறங்குகிறது, பிறகு சிவப்பு விளக்கு மினுக்கி ஏறவில்லை" என்ற வரிசையிலேயே), அவர்கள் கண்டது, எந்தப் பாகத்தை மாற்ற 7,400 ரூபாய் என்பது, நான்கும் இருக்க வேண்டும். மதிப்பீட்டில் பேட்டரி என்றோ உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு என்றோ எழுதியிருந்தால், போர்ட்தான் பிரச்சினை என்ற பேச்சு அவர்கள் கையாலேயே அடிபடுகிறது. ஈரம் இருந்த இடத்தின் படத்தையும் கேளுங்கள். "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால், பக்கத்தில் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். ஜாப் ஷீட் தர மறுத்தால், அன்றே வெளியே வந்து நடந்ததை மெயிலில் எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

வாரண்டி அட்டையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம் என்று தனியாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அட்டையில் அப்படி இருந்தால் வழக்கு கடினமாகும். ஆனால் முடியாது என்று இல்லை. இந்த வகை செல் சில நூறு முழுச் சுற்றுகளுக்குப் பிறகுதான் கண்கூடாகத் தேயும். 30 மணி தாங்கும் ஹெட்போனைத் தினமும் நாலு மணி நேரம் கேட்டாலும் ஏழு மாதத்தில் முப்பது சுற்றுக்குக் கிட்டத்தான் வரும். அதற்குள் எட்டில் ஒரு பங்காகக் குறைவது தேய்மானம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) சொல்லும் குறைபாடு என்றே வாதிடலாம்.

பிறகு 15 நாள் கெடு வைத்து, விற்றவர், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டிலும் மெயிலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். இறக்குமதியாளர் முகவரி பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். கட்டணமில்லை, பல நேரம் அங்கேயே முடியும். ஆனால் அந்தப் புகார் உங்கள் காலக்கெடுவை நிறுத்தி வைக்காது. பிரிவு 69-இன்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்கு வந்துவிட வேண்டும்.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடப் பிரிவு 34 அனுமதிக்கிறது. உங்களுக்கு அது சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள். கேட்க வேண்டியது: இலவசப் பழுதுநீக்கம், அல்லது மாற்றுப் பொருள், அல்லது 18,990 ரூபாய் திருப்பித் தருதல், அதோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை. லட்சக்கணக்கில் கேட்டு மனுவைப் பலவீனமாக்காதீர்கள்.

குறைபாடு இருக்கிறது என்று காட்டும் முதல் பொறுப்பு உங்களுடையது. மேலே சொன்ன வீடியோவும் கையேட்டுப் பக்கமும் அதற்குத்தான். தண்ணீர் பட்டது என்று விலக்கு கேட்பவர் அதை நிரூபிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் பிரிவு 38(2)-இன் கீழ் கருவியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்திடம் கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம் என்பதால், ஜாப் ஷீட்டும் படங்களும் போதாத நிலையில் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். உங்கள் படத்திலேயே முனைகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால், வழக்கை விடுத்து, 7,400-ஐக் குறைத்துக் கேட்டுப் பழுதுபார்ப்பதே லாபம்.