கோடு சரி, விலைதான் தப்பு

"அண்ணா, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம், வீட்டில் ஆறு பேர். உயர்தரத்தில் பொருளியல் படிப்பதால் வீட்டுக் கணக்கு என் கையில். அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் மாதம் 12,000 ரூபாய். டவுன் விலையில், அரிசி 240, மா 180 என்று பட்ஜெட் கோடு வரைந்து, உள்ளேதான் வாங்குகிறேன்: அரிசி 25 கிலோ, மா 30 கிலோ. எல்லாம் பக்கத்துக் கடையில் கொப்பிக்கு எழுதித்தான் எடுப்போம், அங்கே 260, 200 போடுவார்கள், அது வழக்கம்தானே. சம்பளத்தில் 12,000 கட்டியும் எட்டு மாதத்தில் 4,000 நிலுவை. ரெண்டு மாதத்தில் 20,000 ரூபாய் சீட்டு வரும். மாமா ஆட்டோ லீசிங் முற்பணத்துக்கு அதைக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. அந்த 20,000க்கு உங்கள் வீட்டிலேயே வேலை இருக்கிறது.

நீங்கள் வரைந்தது 240x + 180y ≤ 12,000. x அரிசிக் கிலோ, y மாக் கிலோ; கோட்டுக்கு உள்ளே நின்றால் செலவு 12,000க்குள் அடங்கும். அந்தக் கணக்கில் 25ம் 30ம் போட்டால் 6,000ம் 5,400ம், மொத்தம் 11,400. கோட்டுக்கு உள்ளே, 600 மிச்சம். கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் அந்த விலைக்கு நீங்கள் ஒரு கிலோகூட வாங்கவில்லையே! "வழக்கம்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முழு வில்லங்கமும் அங்கேதான். கொப்பி விலையைப் போட்டுப் பாருங்கள்: 260x + 200y ≤ 12,000. அதே 25ம் 30ம் இப்போது 6,500ம் 6,000ம், மொத்தம் 12,500. கோட்டுக்கு வெளியே 500. எட்டு மாதத்துக்கு 4,000, உங்கள் நிலுவை ரூபாய் பிசகாமல் வந்துவிட்டது.

முழுக் காசுக்கும் அரிசியே வாங்கினால் டவுன் விலையில் 50 கிலோ, கொப்பி விலையில் 46தான். முழுக்க மா என்றால் 66 கிலோ 60 ஆகிறது. இவைதான் கோட்டின் இரண்டு முனைகள். இரண்டும் உள்ளே வருவதால் கோடு ஏறக்குறைய இணையாகவே நகர்ந்துவிடுகிறது. சம்பளம் குறைந்தாலும் கோடு அப்படித்தான் நகரும். அதனால்தான் விலை கூடியது கண்ணுக்குத் தெரியாமல், காசு போதவில்லை என்று மட்டும் தோன்றுகிறது. உண்மையில் 11,400 ரூபாய்ச் சாமானுக்கு 1,100 கூடக் கொடுக்கிறீர்கள், நூற்றுக்குப் பத்து ரூபாய்க்குக் கிட்ட. அதுவும் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கட்டுகிற கடனுக்கு! இதை வட்டி என்று கடைக்காரர் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் காசும் முடங்கிக் கிடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? சீட்டு வரும்வரை கொப்பி விலைக் கோட்டுக்குள் வாருங்கள். அரிசி 25 கிலோவே இருக்கட்டும், 6,500 போக மிச்சம் 5,500, அதற்கு மா இருபத்தேழரைக் கிலோ. இரண்டரைக் கிலோ மா குறைவது ரொட்டிச் சட்டியில் தெரியத்தான் செய்யும், ஆனால் நிலுவை 4,000ஐத் தாண்டாது. சீட்டுக் காசு வந்ததும் 4,000ஐக் கட்டிக் கொப்பியை மூடிவிட்டு, அடுத்த மாதச் சாமான் 11,400க்கும் கைக்காசு கொடுத்து டவுனில் வாங்குங்கள். மொத்தம் 15,400. அந்த மாதச் சம்பளத்தின் 12,000 கடைசிக் கொப்பிக் கணக்குக்குப் போய்விடும், அடுத்த சம்பளத்திலிருந்து கைக்காசுதான். டவுனுக்கு பஸ் காசு, மூட்டைக் கூலி எல்லாம் உண்டுதான், ஆனால் மாதம் ஒரு தரம் போனால் 1,100க்கு வராது. பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள், மொத்தமாகக் கைக்காசு என்றால் விலை இறங்கலாம்.

போனிலேயே பத்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் ஒன்றைப் போட்டு நிலுவையை அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தவணை கட்டும் காசு அந்த 12,000இலிருந்துதான் போகும், கோடு இன்னும் உள்ளே வரும், வாங்கும் விலையோ ஒரு சதம்கூடக் குறையாது.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கைக்காசு விலையில் உங்களுக்கு 600தான் இடைவெளி. கோதுமை வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான், 2022இல் விலை எப்படிப் போனது என்று வீட்டில் மறந்திருக்கமாட்டார்கள். மா மட்டும் 20 ரூபாய் ஏறி 200 ஆனால், அரிசி முனை 50இலேயே நிற்க, மா முனை 60க்கு இறங்கும். உங்கள் 25ம் 30ம் சரியாகக் கோட்டின் மேல், 12,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் வெளியேதான். அப்போது மறுபடி கொப்பியைத் திறக்காமல் மாவில் ஒன்றிரண்டு கிலோ குறையுங்கள்.

சீட்டில் மிஞ்சும் 4,600ஐ மாமாவிடம் சொல்லவே வேண்டாம். அவர் கேட்பது முற்பணத்துக்கு மட்டும். லீசிங் தவணை மாதா மாதம் வரும், அதை எதிலிருந்து கட்டப்போகிறார் என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டால் சின்னப் பிள்ளை என்று தட்டிவிடுவார்.