சராசரி விலையா, முதலில் வந்தது முதலில் போவதா?

"சின்ன கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் மொத்த லாபம் பார்க்க சராசரி விலையை எடுப்பதா, ஃபைஃபோவா?"

சின்ன கடைக்கு நான் சராசரியைத்தான் சொல்வேன். நல்லெண்ணெய் பாட்டில் 20, தலா 300 ரூபாய்க்கு வாங்கினீர்கள். அது இருக்கும்போதே விலை ஏறி, இன்னும் 30 பாட்டில் 350-க்கு வந்தது. சராசரி 330. (இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து 325 என்று போட்டுவிடாதீர்கள், எண்ணிக்கையும் சேரவேண்டும்.)

ஒருவர் 25 பாட்டில், 380 வீதம் எடுக்கிறார், பில் 9,500. ஃபைஃபோவில் பழைய 20-ம் புதிய 5-ம் போகும்: அடக்கம் 7,750, லாபம் 1,750. சராசரியில் அடக்கம் 8,250, லாபம் 1,250. மறுநாள் இன்னொருவர் அதே 25-ஐ அதே விலைக்கு எடுத்தால் ஃபைஃபோவில் லாபம் 750-தான். சராசரியில் மறுபடி 1,250. இரண்டு நாளும் சேர்ந்தால் எப்படியும் 2,500. ஃபைஃபோவில் முதல் ஆள் நல்ல வாடிக்கையாளர் மாதிரியும் இரண்டாமவர் மோசம் மாதிரியும் தெரிவது வெறும் வரிசையால் வந்தது.

இந்தியக் கணக்கு விதி ஏ.எஸ். 2 இரண்டையும் ஏற்கிறது. நடுவில் மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும் கொள்முதல் பில்லை அன்றே ஏற்றுங்கள். சரக்கு வந்து, பில் ஏறும்முன் விற்றுவிட்டால் இருப்பு மைனஸில் போகும், அடக்கம் தப்பாக விழும். போன வார ஆர்டரின் லாபம் இன்று வேறாகத் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், புது விலை வைக்கும்போது இரண்டையும் விட்டுவிட்டு, கடைசியாக வாங்கிய 350-ஐப் பாருங்கள்.