தகரக் கூரை வீடு: புயலுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை போட்டது. புயல் வருவதற்கு முன் கூரையையும் ஜன்னலையும் எப்படிப் பாதுகாப்பது? புயல் போன பிறகு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதைவிட, மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே அதிகம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றில், பத்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தகரத்தை மேலே இழுக்கும் விசை சுமார் 200 கிலோ எடைக்கு நிகராக இருக்கும். தகரத்தின் எடையோ பதினைந்து கிலோவைத் தாண்டுவது அரிது. ஆகவே கூரையைக் காப்பாற்றுவது ஜே போல்ட்டுகளும், அவை பிடித்திருக்கும் சட்டமும்தான்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன், காற்று எழும் முன்பே, ஓரங்களையும் முகட்டையும் நான்கு மூலைகளையும் முதலில் பாருங்கள், ஏனெனில் பிய்வது அங்கிருந்துதான் தொடங்கும். கையால் அசைத்தால் ஆடுகிற, துருப்பிடித்து மெலிந்த, வாஷர் உதிர்ந்த போல்ட்டுகளை மாற்றுங்கள். ஓரங்களில் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். போல்ட் உறுதியாக இருந்தும், சட்டம் சுவரோடு பிணைக்கப்படாவிட்டால் கூரை மொத்தமாகவே எழும்பிவிடும் என்பதால், சட்டத்தையும் தூணையும் இரும்புக் கம்பியால் இறுக்குங்கள். கூரைக்கு மேலே கயிறு கட்டுவதானால் தூணின் அடியில் கட்டுங்கள். நனைந்த மண்ணில் அடித்த முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தகரத்துக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கூரை இருந்தால், அதில் நேரடியாகக் கால் வைக்காதீர்கள், அது உடைந்து ஆளை உள்ளே தள்ளும்.

ஜன்னல் கூரையோடு தொடர்புள்ளது. காற்று வீசும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே உறிஞ்சலும் சேர்ந்துகொள்ளும். கண்ணாடியில் டேப் ஒட்டுவது உடைவதைத் தடுக்காது; வெளிப்புறம் பிளைவுட் பலகையைச் சட்டத்தில் திருகுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜாவைப் போல, கிழக்கிலிருந்து வரும் புயலின் கண் உங்கள் ஊரைக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து வீசி, சற்று ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து வீசும். ஆகவே எல்லாப் பக்கமும் மூட வேண்டும். இடையில் வரும் அமைதியை நம்பிப் போல்ட்டைச் சரிசெய்ய மேலே ஏறியவர் மறுகாற்றில் அகப்பட்டுக்கொள்வார்.

புயல் ஓய்ந்ததும் கூரையைப் பார்க்கும் முன் மின்கம்பியைப் பாருங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி தகரத்தின் மீது சாய்ந்திருந்தால் கூரை முழுவதும், அதைத் தாங்கும் இரும்புத் தூண் உட்பட, மின்சாரம் பாயலாம். ஊரில் மின்தடை இருந்தாலும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரால் கம்பி உயிரோடு இருக்கக்கூடும். தொடாமல் விலகி நின்று, தமிழ்நாட்டில் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் அதையும் நீங்களே தொடவேண்டாம். பிறகு, ஊறிச் சாய்ந்த சுவரையும் கூரைக்கு மேல் ஒடிந்து தொங்கும் கிளையையும் தள்ளி நின்று பாருங்கள். உடைந்த கல்நார்த் துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, தடித்த சாக்கில் கட்டி ஒதுக்குங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது.