பால் போட்ட பையன்கள்

அன்புள்ள அண்ணா,
அனிமே பார் என்று நண்பர்கள் துரத்துகிறார்கள். பார்த்தால் பயிற்சி, போட்டி, மறுபடி பயிற்சி. ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடித்ததும் சக்தி வந்துவிடுகிறது, கதை ஓடுகிறது. இந்த இழுவை எதற்கு? எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள தம்பி,
இழுவை என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டு வாரமாக டிராகன் பால் என்ற மாங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, முதலிலிருந்து மறுபடி வாசிக்கிறேன், நீங்கள் அலுத்துக்கொள்ளும் பக்கங்களில்தான் நான் அதிகம் நின்றேன்.

கோகு, குரிரின் என்ற இரண்டு பையன்கள் சண்டை கற்க ஆமைக் கிழவர் என்ற குருவிடம் போகிறார்கள். அவர் ஒரு குத்துகூடச் சொல்லித் தருவதில்லை. முதுகில் 20 கிலோ ஆமை ஓட்டைக் கட்டிக்கொண்டு காலையில் பால் போட வேண்டும், வெறுங்கையால் வயலை உழ வேண்டும், சுறா இருக்கும் நீரில் நீந்த வேண்டும், நடுவே பாடப்புத்தகமும் மதியத் தூக்கமும் உண்டு. பழகியதும் ஓடு 40 கிலோ ஆகிறது. மாதக்கணக்கில் இதேதான். கடைசியில் ஓட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொல்கிறார், இருவரும் வானத்துக்குப் போய்விடுகிறார்கள்! நான் டைப்ரைட்டிங் கற்றபோது முதல் மாதம் முழுக்க asdfgf ஒன்றையே அடித்தேன், அழுகை வரும். ஒருநாள் விசையைப் பார்க்காமலே ஒரு கடிதம் அடித்து முடித்திருந்தேன். வாசிக்கும்போது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் போட்டி. வளர்ந்ததை அளந்து பார்க்கும் இடம் அது. கிழவர் ஜாக்கி சுன் என்று வேஷம் போட்டு வந்து இறுதியில் கோகுவைத் தோற்கடிக்கிறார். பையன்களுக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து உதைக்கிறார்கள், கோகுவுக்குக் கால் குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை இழுவை என்றால் எப்படித் தம்பி?

1962இல் வந்த ஸ்பைடர்மேனின் முதல் கதையிலும் ஒரு மல்யுத்த மேடை உண்டு. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர். பீட்டர் சுலபமாக ஜெயிக்கிறான், பிறகு ஒரு திருடனை ஓடவிடுகிறான், அந்தத் திருடன் கையாலேயே மாமா சாகிறார். வந்த பலத்தை என்ன செய்வது என்பதுதான் அங்கே கேள்வி. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் ஸ்பைடர்மேன் கம்பெனியின் சொத்து, அறுபது வருடமாகக் கைமாறி எழுதப்படுபவன். ஒருவர் அவனை ஒரேயடியாக வளர்த்துவிட்டால் அடுத்தவருக்குக் கதை இருக்காது, அதனால் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருவான். டிராகன் பாலை 1984 முதல் 1995 வரை அகிரா தோரியாமா ஒருவரே வாரம்தோறும் கதை சொல்லி வரைந்தார். அவர் முடிக்கும்போது, வாலோடு வந்த அந்தப் பையன் கோகு தாத்தாவாகியிருந்தான்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். பலத்தை எண்ணால் அளக்கும் கருவி பின்னால் வருகிறது. வில்லன் ஃப்ரீசா தன் பலம் 5,30,000 என்கிறான். அதே கருவி ஆமைக் கிழவரை வெறும் 139 என்று காட்டுகிறது. பயிற்சியின் ருசி அங்கே குறைந்துபோகிறது, எண் மட்டும் ஏறுகிறது. எனக்கு அந்த 139 தாங்கவில்லை. பால் போடும் பக்கங்களுக்கே திரும்பிப் போனேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், முதல் தொகுதியிலிருந்துதான். வேறெங்கே?