கோபத்தில் கன்ட்ரோலரை உடைக்கும் தம்பிக்கு எந்த கேம்?

கேள்வி: அண்ணா, நாங்க கொழிஞ்சாம்பாறை. என் தம்பிக்கு 19 வயசு. பிஎஸ்4-ல வாள் சண்டை கேமும் ஆன்லைன் ஃபுட்பாலும் ஆடுவான். தோத்தா கன்ட்ரோலரைச் சுவத்துல அடிக்கிறான். ரெண்டு உடைஞ்சாச்சு, மூணாவதும் அடி வாங்கிருச்சு. பொள்ளாச்சியில ஒருத்தர் பாதி விலைக்கு ஒரிஜினல் கன்ட்ரோலரும், நிறைய கேம் ஏத்தின அக்கவுன்டும் தர்றேங்கறார். வாங்கலாமா? இவனுக்கு எந்த கேம் சரியா வரும்?

பதில்: அம்மிணி, அந்த ஆளிடம் இரண்டையுமே வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டில் இருக்கும் மூன்றாவது கன்ட்ரோலரைச் சோதிக்க வேண்டும்.

அடி வாங்கிய கன்ட்ரோலர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டிக்குக்கு அடியில் கரிப்பூச்சு பூசிய ஒரு சின்னத் தடம் இருக்கிறது. அதன்மேல் ஒரு மெல்லிய உலோகத் தகடு உரசிக்கொண்டே நகரும். தகடு எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. தடம் தேய்ந்தாலோ, அடிபட்டுத் தகடு பிசகினாலோ, யாரும் தொடாமலே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடப்பான். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறோம். "நான் அமுக்கவே இல்லை, அவனா விழுந்துட்டான்" என்று தம்பி கத்தினால் அது உண்மையாகவே இருக்கலாம். கோபத்தில் அடித்த அடியே அடுத்த கோபத்துக்குக் காரணமாகிவிடும். இந்த நிலையில் எவ்வளவு நியாயமான கேம் வாங்கிக் கொடுத்தாலும் பயன் இல்லை.

விண்டோஸ் லேப்டாப் ஒன்று வேண்டும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவற்றில் இது நடக்காது. பிறகு விண்டோஸ் கீயையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
joy.cpl
```

பட்டியலில் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து Properties போனால் ஒரு கட்டத்துக்குள் சின்னக் கூட்டல் குறி தெரியும். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். குறி நடுவில் நிற்க வேண்டும். ஓரமாக ஒதுங்கினாலோ, நடுங்கிக்கொண்டே இருந்தாலோ ஸ்டிக் போய்விட்டது. அந்த ஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றலாம், சால்டரிங் தெரிந்தவர் செய்து கொடுப்பார். கையோடு டிவி செட்டிங்கில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையில் தாமதம் விழும்.

இனி கேம். தம்பி ஆடும் வாள் சண்டை வகையில் பெரிய எதிரியிடம் செத்தால் லோடிங் முடியக் காத்திருந்து, பழைய இடத்திலிருந்து மறுபடி அவனிடம் ஓடிப் போக வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். இருபது முறை செத்தால் இருபது நிமிடம் வெறும் ஓட்டம். கோபம் ஊறுவது அந்த ஓட்டத்தில்தான். கையில் செய்ய வேலை இருக்காது, மனதில் தோல்வி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் நான் சொல்வது செலஸ்ட். 2018-ல் வந்தது. கடையில் Celeste என்று தேடுங்கள். ஒரு பெண் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. பெரும்பாலும் ஒரு திரைதான் ஒரு கட்டம். செத்தால் ஏறக்குறைய ஒரு நொடியில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். முந்தைய திரையில் பட்ட பாடு வீணாகாது. முள் எங்கே இருக்கிறது, எந்தக் கட்டை நகரும் என்பதெல்லாம் அநேகமாகக் குதிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போனபிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க விடுகிறது. கண்ணிமைக்கும் நேரம் பிந்தியதற்காகத் தண்டிப்பதில்லை. அதையும் மீறித் திணறினால் சேவ் ஃபைல் தேர்ந்தெடுக்கும் இடத்தில் Assist Mode இருக்கிறது. அதில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். 80 சதவீதத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இதிலும் ஒரு குழி உண்டு. வழியில் சிவப்பு ஸ்ட்ராபெர்ரிகள் கிடக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மலை ஏறலாம், அவற்றால் தொல்லை இல்லை. கேமை முடித்தவர்களுக்காகத் தங்க ஸ்ட்ராபெர்ரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துவிட்டால் அந்த அத்தியாயம் முழுவதையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும். கடைசித் திரையில் செத்தாலும் அத்தியாயத்தின் முதல் திரைக்கே போக வேண்டியதுதான். இவ்வளவு நேரம் நல்லது என்று நான் சொன்ன எல்லாவற்றையும் இந்த ஒரு பழம் தலைகீழாக்கிவிடும். "நூறு சதவீதம் முடிச்சியா?" என்று நண்பர்கள் கேட்பார்கள், தம்பிக்கு ரோஷம் வரும். அத்தியாயத் தொடக்கத்தில் தங்க நிறத்தில் மின்னும் பழத்தைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஆன்லைன் ஃபுட்பாலைக் கொஞ்ச நாள் நிறுத்தட்டும். எதிரில் ஆடுபவனின் நெட் தடுமாறுவதை எந்த கேமும் நியாயமாக்க முடியாது. யாராவது கெட்டிங் ஓவர் இட் ஆடச் சொன்னால் கேட்க வேண்டாம். அதில் சறுக்கினால் ஏறியதெல்லாம் போகும், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இப்போது பொள்ளாச்சிக்காரர் விஷயம். பாதி விலை "ஒரிஜினல்" அநேகமாக டூப்ளிகேட்டாகத்தான் இருக்கும். பலவற்றில் நடுவில் உள்ள டச்பேட் வெறும் பட்டன், விரலை இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஸ்டிக்கும் மட்டம், புதிதாக இருக்கும்போதே ட்ரிஃப்ட் வரும். அக்கவுன்ட் இன்னும் மோசம். பாஸ்வேர்டு விற்றவர் கையில் இருக்கிறது. அதே அக்கவுன்டைப் பலருக்கு விற்றுவிட்டு ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றினால் கேமும் போச்சு, பணமும் போச்சு. கம்பெனியிடம் முறையிடவும் முடியாது, அக்கவுன்ட் வாங்குவதே விதிக்கு விரோதம். எனக்கு ஆத்திரம் வருவது முறையாக வாங்குபவர்கள் படும் பாட்டைப் பார்க்கும்போதுதான். வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய பில்லோடு இந்தப் பக்கம் வந்தால் அங்கேயே போ என்கிறார்கள், அங்கே போனால் அடிபட்ட பொருளுக்கு வாரன்டி இல்லை என்று கையை விரிக்கிறார்கள். ஆன்லைன் கடைகளோ கேமின் வயது வரம்பைப் போடும், எத்தனை ஜிபி என்று போடும். செத்தால் எத்தனை நொடியில் மறுபடி ஆடலாம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. வேறு கேம் வாங்கும்போது யாராவது அதை ஆடும் வீடியோவில், செத்த நொடியிலிருந்து ஆள் மறுபடி நகரும் வரை நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் இப்போதைக்கு வேண்டாம்.

கோபம் பொருளை விட்டு ஆட்கள் மேல் திரும்பினால் இது கேம் விஷயம் இல்லை. 14416-க்கு அழையுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண்.

செலஸ்டை பிஎஸ்4-ல் வாங்காமல் லேப்டாப்பில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குங்கள், சாதாரண லேப்டாப்பே தாங்கும். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு ஆரம்பித்துவிட்டால், கேமில் பழுது இருந்தால் தவிரப் பணம் திரும்பாது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பக் கிடைக்கும். முதல் அத்தியாயத்தை ஆடிப் பார்க்க அந்த நேரம் போதும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு சூப்பர் மீட் பாய் எடுங்கள். அது இதைவிடக் கடினம், ஆனால் கட்டங்கள் குட்டி, செத்த மறுகணமே ஆடலாம்.